திடீர் வயிற்று வலி: வலியிடமும் அறிகுறியும் பொருத்தும் வினாத்தாள், விடை விளக்கத்துடன்

அறுவை சிகிச்சைப் பிரிவு, பயிற்சி மருத்துவர்களுக்கான வாராந்திரத் தேர்வு
நேரம்: 25 நிமிடம். மதிப்பெண்: 20

கீழே 8 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் பொருந்தும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கான காரணத்தை ஒரே வரியில் எழுதவும். எழுத்துக்கு 1, காரணத்துக்கு 1. வினா 1-இலும் 3-இலும் உள்ள துணை வினாக்களுக்குத் தலா 2. ஒரே எழுத்து பலமுறை வரலாம். ஒரு வினாவுக்கு மட்டும் இரண்டு எழுத்துகள் எழுத வேண்டியிருக்கும். எது என்று சொல்லப்போவதில்லை.

அ. குடல்வால் அழற்சி
ஆ. சிறுகுடல் அடைப்பு
இ. பெருங்குடல் அடைப்பு
ஈ. இரைப்பை அல்லது குடலில் துளை
உ. இவற்றில் எதுவும் இல்லை

வினாக்கள்

1. கல்லூரி மாணவர், வயது 19. நேற்று மாலை தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். குமட்டலோ வாந்தியோ இல்லை. காலையில் வலி வலது அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. இருமினால் அங்கே சுரீர் என்கிறது. இடது அடிவயிற்றை அழுத்தினாலும் வலது பக்கம்தான் வலிக்கிறது. வலது பக்கம் அழுத்திக் கையை எடுத்தால் வலி கூடுகிறது. காய்ச்சல் 100.2 டிகிரி, வெள்ளணுக்கள் 13,400, நியூட்ரோபில் 84 சதவீதம்.
துணை வினா: இவருடைய ஆல்வராடோ மதிப்பெண் என்ன?

2. லாரி ஓட்டுநர், வயது 46. முட்டி வலிக்காக மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் போடுகிறார். காலை 7 மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குழியில் கத்தி சொருகியது போல் வலி. மதியம் 1 மணிக்கு வந்தவர், "இப்ப கொஞ்சம் பரவாயில்ல டாக்டர், வலது பக்கம் கீழதான் வலிக்குது" என்கிறார். அசையாமல் படுத்திருக்கிறார். வயிறு முழுக்க விறைப்பு, வலது அடிவயிற்றில் தொட்டால் கூடுதல் வலி. நாடி 112, காய்ச்சல் இல்லை. வந்தவுடன் எடுத்த மார்பு எக்ஸ்-ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியவில்லை.

3. பெண், வயது 58. 12 ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பை அகற்றியவர். 2 நாளாக நடுவயிற்றில் விட்டுவிட்டு முறுக்கும் வலி, 3 அல்லது 4 நிமிடத்துக்கு ஒருமுறை. பச்சையாக வாந்தி. நேற்று மாலைக்குப் பின் வாயுவும் பிரியவில்லை. வயிறு மிதமாக உப்பியிருக்கிறது, அழுத்தினால் வலியில்லை. எக்ஸ்-ரேயில் நடுவே 4.5 செ.மீ. அகலக் குடல் வளையங்கள். கோடுகள் குடலின் முழு அகலத்தையும் கடக்கின்றன. நாடி 84.
துணை வினா: ரைல்ஸ் டியூப் போட்டு வார்டில் சேர்த்த 6 மணி நேரத்தில் முறுக்கல் நின்று வலி நிலையாகிவிட்டது. தொப்புளுக்கு இடப்பக்கம் ஓரிடத்தில் தொட்டால் வலி, நாடி 118, குடல் ஓசை குறைந்துவிட்டது. என்ன நடந்திருக்கிறது, அடுத்து என்ன?

4. ஆண், வயது 74. நாள்பட்ட மலச்சிக்கல். 2 நாளாக வயிறு பானை போல் உப்பி, மலமும் வாயுவும் இல்லை. வாந்தி இல்லை. எக்ஸ்-ரேயில் இடுப்பிலிருந்து வலது மேல்வயிறு வரை எழும் ஒற்றைப் பெரிய வளையம், காப்பிக்கொட்டை வடிவில்.

5. மெலிந்த பெண், வயது 71. 3 நாளாக வாந்தி, நடுவயிற்றில் முறுக்கல். "கேஸ் டிரபிள்" என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வயிற்றில் தழும்பு இல்லை. வலது இடுப்பு மடிப்பில், அந்தரங்க எலும்பு முடிச்சுக்குக் கீழே வெளிப்புறமாக நெல்லிக்காய் அளவு கட்டி. உள்ளே தள்ளினால் போகவில்லை.

6. ஆண், வயது 24. 2 நாளாக அடிவயிற்று வலி, கொஞ்சம் கொஞ்சமாகச் சளியுடன் நாலைந்து முறை மலம், அடிக்கடி சிறுநீர். வலது அடிவயிறு மெத்தென்று இருக்கிறது. மலவாயில் விரல் விட்டுப் பார்த்தால் வலப்பக்கம் கடும் வலி. வலது தொடையை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினாலும் வலி.

7. சிறுவன், வயது 7. 3 நாள் வயிற்று வலி, காய்ச்சல். நேற்றிரவு வலி சட்டென்று குறைந்ததால் தூங்கிவிட்டான். காலையில் வயிறு முழுக்க விறைப்பு, காய்ச்சல் 103, நாடி 150.

8. ஆண், வயது 55, சர்க்கரை நோயாளி. ஒரு மணி நேரமாக நெஞ்சுக்குழி வலி, வாந்தி, உடல் நனையும் அளவு வியர்வை. வயிறு மெத்தென்று இருக்கிறது, எங்கே அழுத்தினாலும் வலி கூடவில்லை. நாடி 52, இரத்த அழுத்தம் 100/70.

விடைகளும் விளக்கமும்

1. அ. குடல்வாலின் உள்ளுறுப்பு நரம்புகள் முதுகுத்தண்டின் 10-ஆம் மார்புப் பகுதியைச் சேர்கின்றன. அதனால் முதல் வலி தொப்புளைச் சுற்றி, இடம் சொல்ல முடியாமல் இருக்கும். அழற்சி வயிற்றுச் சவ்வைத் தொட்டபின்தான் இடுப்பெலும்பின் முன் முனைக்கும் தொப்புளுக்கும் இடைப்பட்ட கோட்டில் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு இடத்தில் வலி நிலைகொள்ளும். இந்த இடப்பெயர்ச்சியைக் காரணமாக எழுதினால்தான் மதிப்பெண். "வலது அடிவயிற்றில் வலி" என்று மட்டும் எழுதினால் கிடையாது, ஏனென்றால் வினா 2-இலும் அதே இடத்தில் வலி இருக்கிறது.

ஆல்வராடோ: இடப்பெயர்ச்சி 1, பசியின்மை 1, குமட்டல் 0, வலது அடிவயிற்றில் தொடுவலி 2, கையை எடுக்கும்போது வலி 1, காய்ச்சல் 1, வெள்ளணுக்கள் 10,000-க்கு மேல் 2, நியூட்ரோபில் மிகுதி 1. மொத்தம் 9. பத்து என்று எழுதியவர்கள் வாந்தி இருந்ததாகக் கற்பனை செய்திருக்கிறார்கள்.

2. ஈ. இந்தத் தாளின் கடினமான வினா இதுதான், அதிகம் பேர் 'அ' என்று எழுதுவதும் இதற்குத்தான். வலி தொடங்கிய நேரத்தை மணி பார்த்துச் சொல்கிறார் என்றால் துளையை முதலில் நினைக்க வேண்டும். குடல்வால் அழற்சிக்காரர் "நேத்து சாயங்காலத்துலேர்ந்து" என்றுதான் சொல்வார். முன்சிறுகுடல் புண் துளைத்தால் அமிலம் வலது பெருங்குடலின் வெளிப்புறப் பள்ளம் வழியாக வழிந்து வலது அடிவயிற்றில் தேங்கும். வலி மேலிருந்து கீழே வந்தது அதனால்தான். 1926-இல் நடிகர் ருடால்ஃப் வாலண்டினோ இப்படித்தான் குடல்வால் அழற்சி போலத் தோன்றிய துளையோடு மருத்துவமனைக்கு வந்தார்; அந்த அறிகுறிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

"கொஞ்சம் பரவாயில்ல" என்பதும் பொறிதான். சில மணி நேரத்தில் சவ்விலிருந்து சுரக்கும் நீர் அமிலத்தை நீர்க்கச் செய்வதால் வலி தணியும். நோய் தணியவில்லை என்பதை நாடியும் விறைப்பும் காட்டும். இந்த இடைவெளியில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்து வருவது பாக்டீரியாத் தொற்றும் அதிர்ச்சி நிலையும்.

எக்ஸ்-ரேயில் காற்று இல்லாதது துளையை மறுக்காது. சிறிய துளையைக் கொழுப்புத் திரை மூடியிருக்கலாம். அல்லது படுத்திருந்தவரை எழுப்பி உடனே படம் எடுத்திருக்கலாம்; காற்று மேலே ஏறக் குறைந்தது 10 நிமிடம் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார முடியாதவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து எடுக்கலாம். அப்போது காற்று கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே தெரியும். சந்தேகம் நீடித்தால் சி.டி. அமைலேஸ் சற்றுக் கூடியிருந்தால் கணையம் என்று முடிவு கட்டாதீர்கள்; துளையிலும் கூடும்.

வாய்வழி எதுவும் வேண்டாம், ரைல்ஸ் டியூப், ரிங்கர் லாக்டேட், ஆண்டிபயாட்டிக், சிறுநீர்க் குழாய், வலிமருந்து. வலிமருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்துவிடும் என்று சீனியர் வரும்வரை நோயாளியைத் துடிக்கவிடும் பழக்கம் இன்னும் சில வார்டுகளில் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை.

3. ஆ. பழைய அறுவையின் ஒட்டுகள். கோடுகள் முழு அகலத்தையும் கடந்தால் சிறுகுடல், பாதியில் நின்றால் பெருங்குடல். அகல வரம்பு சிறுகுடலுக்கு 3 செ.மீ., பெருங்குடலுக்கு 6, சீக்கத்துக்கு 9.

துணை வினா: குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டுவிட்டது. முறுக்கல் நின்றதைக் குணமாவதாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. நிலையான வலி, ஓரிடத் தொடுவலி, ஏறும் நாடி மூன்றும் சேர்ந்தால் காண்ட்ராஸ்ட் குடித்து 24 மணி நேரம் காத்திருக்கும் கதை முடிந்தது. நீரிழப்பைச் சரிசெய்தபடியே தியேட்டருக்கு. லாக்டேட் இயல்பாக வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது, அது தாமதமாகத்தான் ஏறும். "ஒட்டு விலகிவிட்டது" என்று எழுதியவர்களுக்கு 0.

4. இ. சிக்மாய்டு குடல் முறுக்கு. உப்பல் முதலில், வாந்தி கடைசியில் அல்லது வராமலே போகும். சிறுகுடல் அடைப்பில் வாந்தி முந்தும். சவ்வழற்சி அறிகுறி இல்லாவிட்டால் சிக்மாய்டோஸ்கோப் வழியாகக் காற்றை வெளியேற்றி, குழாயை உள்ளேயே விட்டுவைக்கலாம். பெரும்பாலும் திரும்ப வரும் என்பதால் அதே சேர்க்கையில் குடல்பகுதியை அகற்றத் திட்டமிடுவது நல்லது.

5. ஆ. தொடைக் குடலிறக்கம் சிக்கிக்கொண்டது. சேலைக் கொசுவத்தை விலக்கிப் பார்க்காத பரிசோதனை வயிற்றுப் பரிசோதனை அல்ல. கட்டி வலிக்காமலும் இருக்கலாம். வயதான பெண்கள் கூச்சத்தால் சொல்லவும் மாட்டார்கள். குடல் சுவரின் ஒரு பகுதி மட்டும் சிக்கியிருந்தால் மலமும் வாயுவும் பிரிந்துகொண்டே இருக்கும், உள்ளே சுவர் அழுகும். ஆகவே "மோஷன் போனார், அடைப்பில்லை" என்ற வாதம் இங்கே செல்லாது. அழுத்தி உள்ளே தள்ள முயல வேண்டாம்.

6. அ. இடுப்புக்குழிக்குள் தொங்கும் குடல்வால் மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் உறுத்துகிறது. முன்வயிற்றுச் சவ்வைத் தொடாததால் வயிறு மெத்தென்று இருக்கிறது. உண்மையான வயிற்றுப்போக்கில் மலம் நிறைய நீராகப் போகும், வலி போனபின் தணியும். விரல் பரிசோதனை செய்யாதவர் இதை இரைப்பைக் குடல் அழற்சி என்று ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்புவார்.

7. அ, ஈ. இரண்டு எழுத்துள்ள வினா இதுதான். அடைபட்டு உப்பிய குடல்வால் வெடித்ததும் அழுத்தம் விடுபட்டு வலி குறைகிறது, பிறகு சீழ் பரவுகிறது. சிறு குழந்தைகளில் கொழுப்புத் திரை குட்டையாக இருப்பதால் சீழ் ஓரிடத்தில் கட்டுப்படாது. குடல்வால் துளையில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று பெரும்பாலும் தெரியாது, அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம். ஒரு எழுத்து மட்டும் எழுதினால் அரை மதிப்பெண்.

8. உ. வலி கடுமை, வயிறு மெத்து, நாடி மந்தம். இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு. ஈ.சி.ஜி.யில் லீட் இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். பார்க்கவும். 'ஈ' என்று எழுதியவர்கள் வலியிடத்தை மட்டும் படித்து, தொட்டுப் பார்த்ததில் கிடைத்ததை விட்டுவிட்டார்கள்: துளையில் 1 மணி நேரத்திலேயே வயிறு விறைத்திருக்கும். நெஞ்சுக்குழி வலியோடு வரும் 40 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் ஈ.சி.ஜி. எடுக்காமல் அறுவைப் பிரிவுக்கு அழைப்பு அனுப்பக் கூடாது.