விலை, லேபல், படிவம்: வயல் வேலை செய்வோருக்கான வாசிப்பு ஏடு
(தம்பலகாமம் இரவு வகுப்பு)

வகுப்புக்கு வந்தவுடன்

அ, ஆ, இ, ஈ என்று இந்த ஏடு தொடங்காது. இலக்கம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நூறு ரூபாத் தாளையும் ஆயிரம் ரூபாத் தாளையும் நீங்கள் ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு எத்தனை என்று கேட்டால் 7 என்பீர்கள். ஆகவே தெரிந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் எழுத்துக்குப் போவோம்.

கண்ணாடி தேவையானவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாடம் 1: சந்தைப் பலகை

வி + லை = விலை
ரூ + பா = ரூபா
கி + லோ = கிலோ

விரலை வைத்து மூன்று முறை வாசியுங்கள். பிறகு இந்தப் பலகையைப் பாருங்கள்.

கத்தரிக்காய் 1 கிலோ 320/=
வெண்டிக்காய் 1 கிலோ 280/=
பூசணிக்காய் 1 கிலோ 150/=
சின்ன வெங்காயம் 1 கிலோ 460/=

இலக்கத்துக்குப் பின்னால் சாய்ந்த கோடும் இரண்டு சிறு கோடும் இருக்கிறதல்லவா? சதம் இல்லை, ரூபா மட்டும் என்று அர்த்தம். 320/= என்றால் முந்நூற்று இருபது ரூபா. சில கடைக்காரர் முன்னால் 'ரூ.' என்று போடுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது பக்கத்துக் கடைப் பலகை:

கத்தரிக்காய் 250 கிராம் 90/=

90 என்ற இலக்கத்தைப் பார்த்ததும் கால் தானாக அங்கே போகும். கொஞ்சம் நில்லுங்கள். 250 கிராம் என்றால் கால் கிலோ. நான்கு கால் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. 90, 180, 270, 360. முதல் கடையில் 320. இந்தக் கடையில் கிலோவுக்கு 40 ரூபா கூட. கடைக்காரர் பொய் எழுதவில்லை. 'கிராம்' என்ற சொல்லைச் சின்னதாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பலகையில் விலையைப் பார்க்க முன்னர் நிறையைப் பாருங்கள்.

பாடம் 2: கூலிச் சிட்டை

செல்லம்மா அக்கா ஆறு நாள் நாற்று நட்டார். முதலாளி சிட்டை எழுதிக் கொடுத்தார்.

பெயர்: செல்லம்மா
நாள்: 6
ஒரு நாள் கூலி: 2,200/=
மொத்தம்: 13,200/=
முற்பணம்: 4,000/=
மிச்சம்: 9,200/=

காற்புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வலப்பக்கமிருந்து மூன்று இலக்கம் எண்ணி அதன் முன் போடுவார்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பது ஆயிரம். 13,200 என்றால் பதின்மூவாயிரத்து இருநூறு. 1,320 என்றால் ஆயிரத்து முந்நூற்று இருபது. ஒரு பூச்சியம் விழுந்தால் நட்டம் யாருக்கு?

'முற்பணம்' என்ற சொல்லை நன்றாகப் பாருங்கள். மு, ற், ப, ண, ம். நீங்கள் வாங்காத முற்பணம் அந்த வரியில் இருந்தால் சிட்டையை வாங்கும்போதே கேளுங்கள். "அண்ணே, இந்த நாலாயிரம் எப்ப எடுத்தது?" வீட்டுக்குப் போன பிறகு கேட்பது சண்டையில்தான் முடியும்.

பாடம் 3: மருந்துப் போத்தல்

இந்தப் பாடத்தை அவசரப்படாமல் வாசிப்போம். இரண்டு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை.

பூச்சி + கொல்லி = பூச்சிகொல்லி
களை + கொல்லி = களைகொல்லி

'கொல்லி' இரண்டிலும் உண்டு. ஆகவே பின்பாதியைப் பார்த்துப் பயனில்லை, முன்பாதியை வாசியுங்கள். 'பூ' என்று தொடங்கினால் பூச்சிக்கு. 'க' என்று தொடங்கினால் களைக்கு.

ரஹீமா ராத்தா கத்தரிப் பாத்திக்கு மருந்து அடித்தார். கொட்டிலில் இரண்டு போத்தல் இருந்தன. இரண்டுக்கும் ஒரே நிற மூடி. கைக்கு வந்ததை எடுத்தார். ஐந்தாறு நாளில் இலை வெளுத்துச் சுருண்டது. பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, செடிதான் போனது. ராத்தா இப்போது 'க' எழுத்தை எங்கே கண்டாலும் நின்று பார்ப்பார்.

நம் நாட்டு மருந்து லேபலில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்க வேண்டும். தமிழ்ப் பக்கம் வரும்வரை போத்தலைச் சுற்றுங்கள். லேபலில் நிறப்பட்டை ஒன்றும் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், அதன் பின் நீலம், கடைசியாகப் பச்சை. பச்சைப் பட்டை என்றாலும் அது நஞ்சுதான். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். லேபல் இல்லாத போத்தலை எழுதப் படிக்கத் தெரிந்தவரும் வாசிக்க முடியாது.

அளவு வரி இப்படி இருக்கும்:

10 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர்.

தெளிகருவித் தாங்கி 16 லீற்றர் என்றால்? ஒரு லீற்றருக்கு 2. பதினாறுக்கு 32. மூடியால் அளக்காதீர்கள், மூடிக்கு மூடி அளவு வேறு.

'அறுவடைக்கு முன் 14 நாட்கள்' என்று ஒரு வரி இருந்தால், கடைசியாக அடித்து 14 நாள் போகும்வரை காயைப் பறிக்கக் கூடாது. நாள் மருந்துக்கு மருந்து மாறும், ஆகவே ஒவ்வொரு போத்தலிலும் வாசியுங்கள். மருந்து உடம்பில் பட்டோ வயிற்றுக்குள் போயோ ஒருவர் விழுந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும். போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். எந்த மருந்து, எவ்வளவு என்ற சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920.

யூரியாப் பையில் 46 என்று இருக்கும். அது விலையுமில்லை, நிறையுமில்லை. நூறு கிலோவில் 46 கிலோ நைதரசன் என்று பொருள். நிறைக்கு 'கிலோ' நிற்கும் இடத்தைத் தேடுங்கள்.

பாடம் 4: கடைப் பக்கெற்

பால்மா, பிஸ்கற், மீன் ரின் எதிலும் திகதியைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தோடு அடித்திருப்பார்கள். ஆங்கிலம் முழுதும் வேண்டாம், வடிவம் போதும்.

மூன்று எழுத்து, நடுவில் பெருக்கல் குறி: அது முடிவுத் திகதி. அந்த நாள் போய்விட்டால் வாங்க வேண்டாம்.
இரட்டை மலை போன்ற எழுத்தில் தொடங்கி, பக்கத்தில் திகதி: செய்த நாள்.
அதே இரட்டை மலை, பக்கத்தில் ரூபா: ஆகக் கூடிய விலை. அதற்கு மேல் கேட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இருக்கிறது.

பாடம் 5: படிவம்

கமக்கார அமைப்பில் சேர ஒரு படிவம். செல்லம்மா அக்கா நிரப்பியது:

முழுப்பெயர்: கந்தையா செல்லம்மா
முகவரி: இல. 14, குளக்கட்டு வீதி, தம்பலகாமம்
மாவட்டம்: திருகோணமலை
பிறந்த திகதி: 1978.02.14
தொழில்: விவசாயக் கூலி
திகதி: 2025.10.05
கையொப்பம்: செல்லம்மா

'திகதி' இரண்டு இடத்தில் வருகிறது. முன்னால் 'பிறந்த' இருந்தால் உங்கள் பிறப்பு. தனியாக இருந்தால் இன்றைய நாள். எங்கள் வகுப்பில் அதிகம் பேர் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

'தே.அ.அ. இல.' என்றும் ஒரு வரி வரும். தேசிய அடையாள அட்டை இலக்கம். அதை இங்கே அச்சிடவில்லை. உங்கள் அட்டையை எடுத்து மேசையில் வையுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும். அடுத்த மூன்று இலக்கம், ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. எந்த ஆண்டானாலும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணுவார்கள். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். செல்லம்மா அக்கா பெப்ரவரி 14இல் பிறந்தவர். ஜனவரி 31, அதோடு 14, மொத்தம் 45. அவரது பழைய அட்டை 78545 என்று தொடங்கும். உங்களதைக் கணக்குப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சரிபாருங்கள்.

வரிகள் வெறுமையாக உள்ள படிவத்தில் ஒப்பம் வைக்காதீர்கள். "வையுங்க அக்கா, பிறகு நான் நிரப்புறன்" என்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்த வகுப்புக்கு வீட்டில் கிடக்கும் வெறும் பிஸ்கற் பக்கெற் ஒன்றும் பழைய மின்சார பில் ஒன்றும் கொண்டுவாருங்கள். மருந்துப் போத்தல் கொண்டுவர வேண்டாம், அதன் படம் சுவரில் ஒட்டியிருக்கிறது.