புது இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி?

சுருக்கமாக: கல்லைத் தேய்த்துக் கழுவி, வடிகஞ்சியில் 3 நாள் ஊறவையுங்கள். பிறகு நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவிடுங்கள். தோசை அதற்கு அப்புறம்தான்.

## விரலில் ஒட்டும் கறுப்பு

நான் புதுக் கல்லைப் பழக்குவதை வீடியோவாக எடுத்தேன். அதில் கல்லைத் தொட்டதும் என் விரல் கறுத்தது. அந்தக் கறுப்பு, கல் துருப் பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயும் தூசியும்தான். சோப்பும் தேங்காய் நாரும் போதும்.

## கஞ்சித் தண்ணீர்

கல் மூழ்கும்வரை வடிகஞ்சி ஊற்றி, தினமும் மாற்றுங்கள். இரண்டாம் நாள் தண்ணீர் பழுப்பாகிப் புளித்த வாடை வந்தது. பயம் வேண்டாம், அந்தப் புளிப்புதான் துருவை இளக்குகிறது.

## எண்ணெய்

ஈரம் போகத் துடைத்து அடுப்பில் ஏற்றுங்கள். எண்ணெயைத் துணியால் மெல்லிசாகத் தடவி, புகை எழும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். நான்கைந்து முறை.

சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்பின் மேல் படலமாகப் படியும். மாவை ஒட்டவிடாதது அதுதான். தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். என் முதல் கல் அப்படித்தான் வீணானது.

## முதல் தோசை

பாதி வெங்காயத்தால் கல்லைத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். எனக்கு முதல் தோசை கிழிந்தது; வீடியோவில் அதை வெட்டிவிட்டேன். மூன்றாவது தோசையில் ஓரம் தானாகக் கிளம்பியது.