காலாவதியான டேர்ம் பாலிசியை மறுபடி நடப்புக்குக் கொண்டுவரக் கோரும் விண்ணப்பம் (உடல்நல அறிவிப்புடன்)

ஆத்தங்குடி,
09.03.2026

அனுப்புநர்:
மு. சொக்கலிங்கம்,
கல் பட்டறை, ஆத்தங்குடி,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
ஆயுள் காப்பீட்டுக் கிளை அலுவலகம்,
காரைக்குடி.

பொருள்: பாலிசி எண் 40271863, டேர்ம் பாலிசி, காப்புத் தொகை ரூ. 25,00,000. ரிவைவல் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட பாலிசி 18.08.2019 அன்று தொடங்கியது, 25 ஆண்டு காலத்துக்கானது. ஆண்டு பிரீமியம் ரூ. 12,640. 2019 முதல் 2024 வரை ஆறு பிரீமியங்களும் தவறாமல் கட்டப்பட்டுள்ளன. 18.08.2025-இல் கட்ட வேண்டிய பிரீமியம் சேரவில்லை. அதற்கான 30 நாள் சலுகைக் காலமும் முடிந்து பாலிசி காலாவதியாகிவிட்டது.

அந்தப் பிரீமியம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாக வேண்டியது. பெரிய வீட்டு வேலை ஒன்றுக்குக் கல் அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. பிடித்தம் வந்த அன்று கணக்கில் இருப்பு போதவில்லை. கல்லுக்கான பணம் தீபாவளிக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. பள்ளத்தூரிலிருந்து ஆத்தங்குடிக்குக் குடிமாறியதால், நீங்கள் அனுப்பியிருக்கக்கூடிய கடிதம் எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. முகவராக இருந்தவரும் தொழிலை விட்டுவிட்டார். இனிமேல் இந்த நிலை வராமல் இருக்க, வேறொரு வங்கிக் கணக்குக்குப் புதிய பிடித்த அனுமதிப் படிவமும், முகவரி மாற்றத்துக்கு ஆதார் நகலும் இணைத்துள்ளேன்.

இது டேர்ம் பாலிசி. சேமிப்பு வகை பாலிசியாக இருந்தால் கட்டிய ஆண்டுகளுக்கு ஏற்பக் குறைந்த தொகையாவது நிற்கும். இதில் காலாவதியானால் ஒன்றும் நிற்காது. மகள் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருக்கிறாள், மகன் ஒன்பதாம் வகுப்பு, பட்டறைக் கடனில் இன்னும் ஏறக்குறைய மூன்று லட்சம் பாக்கி. 46 வயதில் புது பாலிசி எடுத்தால் பிரீமியம் அந்த வயதுக்குத்தான் போடப்படும். அதனால்தான் 39 வயதில் எடுத்த இதையே தொடர விரும்புகிறேன். கட்டத் தவறிய முதல் பிரீமியத்திலிருந்து ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம் என்பது விதி. நான் ஏழாவது மாதத்திலேயே கேட்கிறேன்.

நிலுவைப் பிரீமியத்தையும் உங்கள் விதிப்படி வரும் வட்டியையும் சேர்த்துக் கட்டத் தயாராக இருக்கிறேன். ஒரு கணக்கு மட்டும் தெளிவாக வேண்டும். 22.09.2025 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. எனது நிலுவைத் தவணையோ அதற்கு முந்தைய ஆகஸ்ட் மாதத்தது. அதற்குப் பழைய 18 சதவீதம் (ரூ. 2,275.20) உண்டா இல்லையா என்று பிரீமியம், வட்டி, வரி மூன்றையும் தனித்தனியாகப் போட்டு எழுத்தில் தாருங்கள். மொத்தமாக ஒரு தொகை மட்டும் சொன்னால் எதற்கு எவ்வளவு என்று எனக்கு விளங்காது.

அடுத்தது உடல்நலம். கடந்த டிசம்பரில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. "எல்லாம் நலம் என்று எழுதிக் கொடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 45-ஆம் பிரிவுப்படி, பாலிசி ரிவைவல் ஆன நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கு மறுபடி தொடங்குகிறது. அந்த மூன்று ஆண்டுக்குள் எனக்கு ஏதாவது ஆனால், இன்று மறைத்த ஒரு மாத்திரையைக் காட்டியே என் மனைவி வள்ளியிடம் இழப்பீடு இல்லை என்று சொல்ல இடம் உண்டு. அவர் யாரிடம் போய் நிற்பார்? ஆகவே தெரிந்த எல்லாவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துப் பார்த்துக் கூடுதல் பிரீமியம் கேட்டாலும் பரவாயில்லை.

உடல்நல அறிவிப்பு

வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. 2019-இல் பாலிசி எடுத்தபோது 69 கிலோ.

2025 டிசம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 138, ஹெச்பிஏ1சி 7.1. அன்று முதல் மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று எடுக்கிறேன். இன்சுலின் இல்லை. பிப்ரவரியில் மறுபடி பார்த்தபோது வெறும் வயிற்றில் 116. கண், சிறுநீரகப் பரிசோதனைகளில் பாதிப்பு இல்லை என்று மருத்துவர் எழுதியுள்ளார். ரத்த அழுத்தம் 128/82, அதற்கு மாத்திரை கிடையாது.

2024 நவம்பரில் டெங்குக் காய்ச்சலுக்காகக் காரைக்குடியில் ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்தேன். தட்டணுக்கள் குறைந்து பிறகு சரியாயின. ரத்தம் ஏற்றவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி இணைப்பில் உள்ளது. அறுவை சிகிச்சை எதுவும் செய்துகொண்டதில்லை.

உட்கார்ந்தே கல் போடும் வேலை என்பதால் வலது முழங்காலில் வலி உண்டு. அதற்கு எப்போதாவது வலி மாத்திரை போடுவேன். ஸ்கேன் எடுக்கும் அளவுக்குப் போகவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, காசநோய், புற்றுநோய், பக்கவாதம், கல்லீரல் நோய் ஆகியவை எனக்கு வந்ததில்லை. சிமெண்டுத் தூசியால் இருமலோ ஆஸ்துமாவோ இல்லை.

புகைப்பழக்கமும் குடிப்பழக்கமும் இல்லை. விருந்து, விசேஷங்களில் வெற்றிலை பாக்கு போடுவேன், புகையிலை சேர்ப்பதில்லை.

2019-இல் கொடுத்த குடும்ப விவரத்தில் ஒரு மாற்றம்: அப்பா 2022-இல் 71 வயதில் மாரடைப்பால் காலமானார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, 68 வயது, நடமாட்டத்தோடு இருக்கிறார். தொழில் அதேதான்: ஆத்தங்குடிக் கல் தயாரிப்பு. வேறு நிறுவனம் எதிலும் எனக்குப் பாலிசி இல்லை. எந்த நிறுவனமும் என் விண்ணப்பத்தை நிராகரித்ததும் இல்லை.

இவை யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மை. இந்த விண்ணப்பத்தின் மீது நீங்கள் முடிவெடுக்கும் முன் என் உடல்நிலையில் மாற்றம் ஏற்பட்டால் உடனே எழுத்தில் தெரிவிப்பேன்.

மருத்துவப் பரிசோதனை தேவையென்றால் காரைக்குடியிலேயே நீங்கள் குறிப்பிடும் மருத்துவரிடம் வெறும் வயிற்றோடு வந்துவிடுகிறேன். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தன்று மட்டும் வேண்டாம், அன்று ஊருக்குள் வண்டி நுழையாது. கூடுதல் பிரீமியம் போடுவதாக இருந்தால் பணத்தை வரவு வைக்கும் முன்பே தொகையைச் சொல்லுங்கள், சம்மதக் கடிதம் தருகிறேன். பணம் கட்டிய ரசீது கையில் இருப்பதால் மட்டும் காப்பு தொடங்கிவிடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் எந்தத் தேதியிலிருந்து காப்பு மறுபடி நடைமுறைக்கு வருகிறது என்று ரிவைவல் கடிதத்தில் குறிப்பிட வேண்டுகிறேன். ஏதோ காரணத்தால் ஏற்க முடியாது என்றால் அந்தக் காரணத்தை எழுத்தில் தந்து, கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரிசு நியமனத்தில் மாற்றமில்லை, வள்ளியே தொடரட்டும்.

இணைப்பு: பாலிசிப் பத்திர நகல், 2024-ஆம் ஆண்டு பிரீமிய ரசீது, டிசம்பர் மற்றும் பிப்ரவரி ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மருத்துவரின் சீட்டு, டெங்கு டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பான் நகல்கள், பிடித்த அனுமதிப் படிவம், ரத்து செய்த காசோலை. இந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் இட்டுத் தரவும்.

இப்படிக்கு,
மு. சொக்கலிங்கம்