டீச்சருக்கு, மறுபடியும் எழுதிய நன்றிக் கடிதம்

அருமனை

அன்புள்ள டீச்சர்,

போன வாரம் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரு நன்றி அனுப்பியிருந்தேன். "உங்கள் மேலான வழிகாட்டுதலுக்கு மனமார்ந்த நன்றி. என் வாழ்வில் நீங்கள் ஓர் ஒளிவிளக்கு." நீங்களும் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினீர்கள். அந்த வரிகளை யாரும் யாருக்கும் அனுப்பலாம். எதற்காக நன்றி என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. அதனால் திரும்ப எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெட்டியைத் திறக்க விடாமல் என்னை உட்கார வைத்ததற்கு. உங்கள் தோட்டத்துக்கு வந்த புதிதில் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் தேனீ வளர்ப்பு என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு முக்காலியைப் போட்டு, "ஈ பேசாது மக்களே, வாசல்லதான் எல்லாம் சொல்லும், கேட்டியா" என்றீர்கள். காலில் மகரந்தத்தோடு ஈக்கள் உள்ளே போனால் புழுக்கள் இருக்கின்றன, ராணி முட்டையிடுகிறது. மகரந்தம் வருவது குறைந்தால் அப்புறம் திறந்து பார். இன்றும் காலையில் டீ கிளாஸோடு வாசலைப் பார்த்த பிறகுதான் பெட்டியில் கை வைக்கிறேன்.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலை உதிர்ந்து துளிர்க்கும்போது தளிர் இலையின் காம்பு நுனியில் கசியும் இனிப்பிலிருந்து வருகிறது என்று நீங்கள் ஓர் இலையை ஒடித்து என் நாக்கில் வைத்துக் காட்டினீர்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான், அதுவரை எனக்கு அது தெரியாது.

ஆனால் நான் அதிகம் நினைத்துக்கொள்வது அந்த மழைக்காலத்தைத்தான். பெட்டியில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடந்தன. என்னவென்று புரியாமல் உங்களுக்கு போன் செய்தேன். முட்டுவலியோடு பஸ் ஏறி, குடையும் இடுக்கியுமாக வந்தீர்கள். ஒரு புழுவை மெதுவாக எடுத்து, நீர் நிறைந்த சின்னப் பையாக அது தொங்குவதைக் காட்டி, "பைப்புழு நோய்" என்றீர்கள். மருந்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அந்த அடைகளை வெட்டி எரிக்கவும், அடுத்த பெட்டியைத் தொடும் முன் கை கழுவவும், ஈக்கள் சண்டை போடாமல் இருக்க இருட்டிய பிறகே சர்க்கரைப் பாகு வைக்கவும் சொல்லித்தந்தீர்கள்.

அன்றுதான் 1991-92இல் இதே நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவியதையும், உங்கள் பெட்டிகள் எல்லாம் காலியானதையும் சொன்னீர்கள். பிறகு ஒரு பலாமரப் பொந்திலிருந்து பிடித்த ஒரே கூட்டத்தை வைத்து மறுபடி தொடங்கினீர்களாம். "கவலைப்படாதே" என்று ஆறுதல் சொல்லியிருந்தால் நான் மறுநாளே பெட்டிகளை விற்றிருப்பேன். எல்லாவற்றையும் இழந்த ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து அமைதியாக அடை வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததால்தான் விற்கவில்லை. இதை நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

இன்னொன்று. மார்த்தாண்டத்தில் அந்த வியாபாரி விலை கேட்டபோது என் சார்பில் நீங்கள் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே விலையைச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி "ஒரு நாரங்கா வெள்ளம் குடிப்போமா" என்றீர்கள். வீட்டில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். அம்மாவே இப்போது செலவுக் கணக்கை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறாள்.

போன மாதம் கூட்டம் பிரித்தேன். ராணி அறை இருந்த சட்டத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, தளர்ந்த அடையை நீங்கள் காட்டியபடி வாழை நாரால் கட்டினேன். ஈக்கள் நாரைக் கடித்து வெளியே தள்ளிவிட்டன, அடை நன்றாக ஒட்டிவிட்டது. புது ராணி முட்டையிடத் தொடங்கிவிட்டது. நீங்கள் எனக்குத் தந்த முதல் பெட்டியின் வழியில் வந்த கூட்டம் இது.

முட்டுவலியால் உங்கள் பெட்டிகளை எல்லாம் கொடுத்துவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். இந்தக் கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்க ஆசைப்படுகிறேன். குனிய வேண்டாம், உயரமான ஸ்டாண்டு ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். எறும்பு ஏறாமல் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணமும் வைத்துத் தருகிறேன். சுத்தம் செய்வதும் பாகு வைப்பதும் என் வேலை. நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பெட்டியை இரவில்தான் மாற்ற முடியும், அதனால் சனிக்கிழமை இருட்டிய பிறகு ஆட்டோவில் கொண்டுவருகிறேன். கிணற்றடியில் வைக்கலாமா, புளிய மரத்து நிழலிலா என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அருமனை மாணவி