சாட்பாட் பரீட்சார்த்த ஓட்டம்: செலவு, வேலை எல்லை பற்றிய விளக்கம் கோரல்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
04.05.2026

விற்பனைப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் பிரதிநிதி கடைக்கு வந்து சாட்பாட்டைத் தன் கைப்பேசியில் ஓடவிட்டுக் காட்டினார். தம்பி நன்றாகவே விளக்கினார். விட்டுச் சென்ற துண்டுப்பிரசுரத்தில் மட்டும் “மூன்று மாதப் பரீட்சார்த்தம், மாதம் 15,000 ரூபாயிலிருந்து” என்று இருக்கிறது. அந்த ‘இலிருந்து’ எங்கே போய் முடியும் என்று தெரியாமல் நான் கையெழுத்து வைக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வியாபாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பினாட்டு இவைதான் எங்கள் சாமான்கள். கடையில் வாங்குபவர்களை விட வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் கேட்டு வாங்குபவர்கள் இப்போது அதிகம். கொழும்புக்காரர் பகலில் கேட்பார்கள். கனடாக்காரர் கேட்கும்போது இங்கே நடுச்சாமம். ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்கும் அந்த ஓடர்களில் பாதி, விடியப் பதில் போடும்போது வேறு கடைக்குப் போயிருக்கும். எனக்கு சாட்பாட் தேவைப்படுவது முக்கியமாக அந்த இரவு நேரத்துக்குத்தான். பகலில் பதில் சொல்ல இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

முதலில் காசு விடயம். 15,000 ரூபாய்க்குள் என்னென்ன அடங்கும்? தொடக்கத்தில் அமைத்துத் தரும் கூலி தனியா? 18 வீத வற் வரி அதற்குள்ளா, மேலேயா? வட்ஸ்அப் வழியாக வியாபாரச் செய்தி அனுப்ப மெட்டா நிறுவனம் 2025 ஜூலையிலிருந்து செய்திக்குச் செய்தி கட்டணம் வாங்குகிறது என்றும், வாடிக்கையாளர் எழுதி 24 மணித்தியாலத்துக்குள் நாங்கள் சாதாரணமாகப் பதில் எழுதினால் அதற்குக் கட்டணம் இல்லை என்றும் அறிந்தேன். அப்படியானால் நாங்களாக அனுப்பும் விளம்பரச் செய்திக்கு எவ்வளவு, அதை யார் கட்டுவது?

இன்னொன்று. பின்னால் ஓடும் மொழி மாதிரிக்கு எழுத்தின் அளவைப் பார்த்துக் காசு போகிறது என்று தம்பி சொன்னார். அதே சங்கதியைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தை விடக் கூடுதல் டோக்கன் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் கணக்கு ஆங்கில உரையாடலை வைத்துப் போட்டதா, தமிழை வைத்துப் போட்டதா? மாதம் இத்தனை உரையாடல் என்று ஒரு எல்லை இருந்தால் அதைச் சொல்லுங்கள். எல்லை தாண்டினால் சாட்பாட் நின்றுவிடுமா, இல்லை மேலதிகப் பில் வருமா? ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் எங்களுக்கு வரும் கேள்விகள் மற்ற மாதங்களைப் போல இராது. அந்த நேரம் பார்த்து நின்றாலும் கஷ்டம், பில் ஏறினாலும் கஷ்டம்.

விலையை ரூபாயில்தான் தர வேண்டும். டொலரில் எழுதி “அன்றைய மாற்று வீதப்படி” என்று போட வேண்டாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் ஏறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. பேரம் பேசும்போது இதைச் சொல்லக்கூடாது என்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: மூன்று மாதத்துக்கும் எல்லாமாக ஒன்றரை இலட்சம் வரைதான் நான் ஒதுக்கியிருக்கிறேன். அதற்குள் முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், இரு பக்கமும் நேரம் மிச்சம்.

அடுத்தது, சாட்பாட் எதைச் செய்யும் என்பது. உங்கள் தம்பி காட்டியபோது அவரே கேள்வி கேட்டார், அதுவும் புத்தகத் தமிழில். எங்கள் வாடிக்கையாளர் அப்படிக் கேட்கமாட்டார்கள். “பிள்ளை, தூள் திரிச்சு எத்தினை நாள், உறைப்புக் குறைச்சதும் இருக்கோ?” என்று ஒரு அம்மா குரல் பதிவு அனுப்புவார். இளசுகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அதிலும் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். குரல் பதிவு, ஆங்கில எழுத்துத் தமிழ் இரண்டும் இந்த விலைக்குள் அடங்குமா? அடங்காதென்றால் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி வெளியே போய்விடும்.

செத்தல் மிளகாய் விலை ஏறினால் தூள் விலையும் ஏறும். அன்று காலை நான் விலையை மாற்றினால் சாட்பாட் எப்போதிருந்து புது விலையைச் சொல்லும்? நானே ஒரு தாளில் மாற்றினால் போதுமா, உங்களுக்கு அழைத்துச் சொல்ல வேண்டுமா, அப்படி அழைப்பதற்கும் கட்டணம் உண்டா? அது பழைய விலையைச் சொல்லி ஓடர் பிடித்தால் நட்டம் யாருடையது? ஏர் கனடாவின் சாட்பாட் பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்ன வழக்கில், நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தீர்ப்பானது. பெரிய விமான நிறுவனத்துக்கே அப்படியென்றால் என் போன்ற கடைக்காரர் யோசிக்கத்தானே வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்க்க விரும்புகிறேன்.

விலையை விட எனக்குப் பயமான கேள்வி ஒன்று உண்டு. “உங்கள் சாமானில் கச்சான் கடலை கலந்திருக்கிறதா, பிள்ளைக்கு ஒவ்வாது” என்று கேட்பார்கள். தூளையும் கச்சானையும் ஒரே கூரையின் கீழ்தான் வறுக்கிறோம். இப்படியான கேள்விக்கு சாட்பாட் தானாக ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. “கடைக்காரர் காலையில் அழைப்பார்” என்று மட்டும் சொல்லி, இலக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட வேண்டும். சுங்கத்தில் எவ்வளவு விடுவார்கள், கூரியரில் தொலைந்த பொதி, திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு ஆகியவையும் அப்படியே. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதைப் பழக்க முடியுமா? பரீட்சார்த்தத்தில் நான் முதலில் சோதிக்கப் போவது இதைத்தான்.

சோதிப்பதற்கு எங்களுக்கு வந்த பழைய செய்திகளில் இருநூறைப் பெயர், இலக்கம் நீக்கித் தருகிறேன். அதற்குச் சாட்பாட் சொல்லும் பதில்களை எங்கள் பிள்ளைகள் பார்த்துச் சரி, பிழை போடட்டும். அதன் பிறகே வாடிக்கையாளருக்கு முன்னால் விட வேண்டும். இந்தச் சோதனைக் காலத்தை மூன்று மாதத்தில் கழிப்பீர்களா?

வாடிக்கையாளரின் இலக்கம், முகவரி எல்லாம் எங்கே சேமிக்கப்படும்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழித்து, நாங்கள் எழுதித் தந்த கேள்வி பதில்களைத் திருப்பித் தருவீர்களா? அப்புறம், இப்போது பாவிக்கும் இலக்கத்தையே சாட்பாட்டுக்கும் பாவிக்கலாமா? எங்கள் இலக்கம் மாறினால் பாதி வாடிக்கையாளர் தொலைந்துவிடுவார்கள்.

ஆடிக்கு முன்னர் சோதனை முடிய வேண்டியிருப்பதால் மே 15 க்குள் விலைப்பட்டியலோடு எழுத்தில் பதில் தாருங்கள். நேரில் பேச வேண்டுமென்றால் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு வாருங்கள், காலையில் ஆலைச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

இப்படிக்கு,
உரிமையாளர்,
மிளகாய்த்தூள், பனம்பொருள் விற்பனை நிலையம்,
திருநெல்வேலி.