வீணைக்கு முன்பணம் அனுப்பும் முன்

வணக்கம் ஐயா,

நேற்று போனில் பேசிய கோவை மீனாட்சி. உங்கள் தஞ்சாவூர் வீணை எனக்குப் பிடித்திருக்கிறது. 28,000 ரூபாய் விலையிலும் எனக்கு மறுப்பில்லை. முன்பணம் 5,000 அனுப்பும் முன் ஒரு சின்ன வேண்டுகோள்.

விளம்பரத்தில் உள்ள படங்கள் எப்போது எடுத்தவை என்று தெரியவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் இன்றைய தேதி, உங்கள் பெயர், 'மீனாட்சிக்காக' என்று பேனாவால் எழுதி, குடத்தின் மேல் சாய்த்துவைத்து, முழு வீணையும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதே தாளோடு யாளி முகத்தையும் சுரைக்காயையும் கிட்டத்தில் எடுங்கள்.

ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்டம் என்றீர்கள். அதனால் குடமும் தண்டியும் சேரும் இடம், பின்பக்கமிருந்து, பகல் வெளிச்சத்தில் வேண்டும். அங்கே ஒட்டு இருந்தால் விலையை மறுபடி பேசவேண்டி வரும். மெட்டுகளுக்கு அடியில் மெழுகு விரிசல் விட்டிருந்தாலும் மறைக்காமல் காட்டுங்கள். மெழுகு மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். முகம் பார்க்காமல் பணம் அனுப்புகிறேன், வீட்டில் கேள்வி கேட்கிறார்கள். படம் வந்து சரியாக இருந்தால் அன்றைக்கே ஜிபேயில் போட்டுவிடுகிறேன். மீதியை ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, வாசித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
மீனாட்சி