வாங்கல் ஆணை: 1 எச்பி மோனோபிளாக் பம்ப்புக்கான வார்ப்பிரும்பு காஸ்டிங்குகள்

ஆணை எண்: நொ.ப./வா.ஆ./0147/2025-26
நாள்: 12 நவம்பர் 2025
வாங்குபவர்: நொய்யல்கரை பம்ப்ஸ், கோயம்புத்தூர்
வழங்குபவர்: கருமேட்டு ஃபவுண்டரி, கோயம்புத்தூர். உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம்
தங்கள் விலைப்புள்ளி: 3 நவம்பர் 2025 தேதியிட்டது

ஐயா,

தங்கள் விலைப்புள்ளியையும் 8 நவம்பர் அன்று நேரில் பேசி முடித்தவற்றையும் அடிப்படையாகக் கொண்டு கீழ்க்கண்ட ஆணையைத் தருகிறோம். விலைப்புள்ளியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த பொது நிபந்தனைகள் இந்த ஆணைக்குப் பொருந்தாது. இரண்டிலும் வேறுபாடு இருந்தால் இந்த ஆணையில் உள்ளதே செல்லும்.

பொருள், அளவு, விலை

| பொருள் | வரைபடம் | எண்ணிக்கை | ஒன்றின் எடை | கிலோ விலை | தொகை |
|---|---|---|---|---|---|
| வால்யூட் கேசிங் | மோ-101, திருத்தம் 4 | 900 | 6.20 கிலோ | ரூ.104 | ரூ.5,80,320 |
| பேக் பிளேட் | மோ-102, திருத்தம் 2 | 900 | 2.40 கிலோ | ரூ.102 | ரூ.2,20,320 |
| இம்பெல்லர் | மோ-103, திருத்தம் 5 | 900 | 0.85 கிலோ | ரூ.128 | ரூ.97,920 |

மொத்தம் 8,505 கிலோ, ரூ.8,98,560. எச்எஸ்என் 7325. மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.80,870.40, மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.80,870.40. ஆணையின் முழு மதிப்பு ரூ.10,60,300.80. ஒரு செட்டின் மதிப்பு வரி நீங்கலாக ரூ.998.40.

விலையில் ஃபெட்லிங், ஷாட் பிளாஸ்டிங், வண்டி வாடகை, எங்கள் வாசலில் இறக்குகூலி அனைத்தும் அடக்கம். 31 ஜனவரி 2026 வரை விலை மாறாது. பிக் அயர்ன், ஸ்கிராப் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த மூன்று லாட்டுக்கும் இதே விலைதான்.

எடையைப் பற்றி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கிலோ கணக்கில் வாங்கும்போது காஸ்டிங் கனத்தால் நஷ்டம் எங்களுக்கு. அந்தக் கூடுதல் இரும்பு சிப்ஸாகத்தான் போகும், மெஷினிங் நேரமும் கூடும். எனவே மேலே உள்ள எடைக்கு 3 சதவீதம் வரை கூடுதலாக இருந்தால் உண்மை எடைக்குப் பணம் தருவோம். அதற்கு மேற்பட்ட எடைக்குப் பணம் இல்லை. 3 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சுவர் மெலிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்போம்.

1. உலோகம்

1.1 ஐஎஸ் 210 தரநிலையின் எஃப்ஜி 200. ஒவ்வொரு ஹீட்டுக்கும் தனியாக ஊற்றிய 30 மில்லிமீட்டர் சோதனைக் கம்பியின் இழுவலிமை 200 நியூட்டன்/ச.மி.மீ.க்குக் குறையக் கூடாது.

1.2 கார்பன் 3.2 முதல் 3.5, சிலிகான் 1.9 முதல் 2.3, மாங்கனீஸ் 0.5 முதல் 0.8 சதவீதம். கந்தகம் 0.12, பாஸ்பரஸ் 0.15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாங்கனீஸ் எப்போதும் கந்தகத்தின் 1.7 மடங்குடன் 0.3 கூட்டிய அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

1.3 கடினத்தன்மை 160 முதல் 210 பிரினெல். இம்பெல்லரின் மெல்லிய வேன் ஓரத்திலும் கேசிங் ஃபிளாஞ்சின் விளிம்பிலும் சில் பிடித்து வெள்ளையாக இருக்கக் கூடாது. ஈர மண்ணிலோ, இனாக்குலன்ட் போட்டு நெடுநேரம் நின்ற உலோகத்திலோ ஊற்றினால் இது வரும். ஒரு இன்சர்ட் உடைந்தால் அன்றைய ஷிஃப்டே கெடுகிறது.

1.4 ஹீட் எண் கேசிங்கிலும் பேக் பிளேட்டிலும் வார்ப்பிலேயே எழும்பியிருக்க வேண்டும். இம்பெல்லருக்கு மட்டும் பெட்டியில் டேக் போதும். ஹீட் எண் இல்லாத காஸ்டிங்கைச் சோதிக்காமலே திருப்புவோம்.

2. ஒப்படைப்பு

2.1 தலா 300 செட்டாக மூன்று லாட்: 3 டிசம்பர் 2025, 17 டிசம்பர் 2025, 7 ஜனவரி 2026. பொங்கல் விடுப்பில் மோல்டர்கள் ஊருக்குப் போவதை எண்ணித்தான் மூன்றாவது லாட்டை அதற்கு முன்பே வைத்திருக்கிறோம். அது தள்ளிப்போனால் ஜனவரி கடைசி வரை வராது என்பது இரு தரப்பும் அறிந்ததே.

2.2 ஒவ்வொரு லாட்டிலும் 301 கேசிங் வர வேண்டும். கூடுதலான ஒன்று அறுத்துப் பார்ப்பதற்கு. அதற்கு பில் போட வேண்டாம்.

2.3 இறக்கும் நேரம் வேலை நாட்களில் காலை 9.30 முதல் மாலை 4.30 வரை. ஒரு லாட்டின் வரியுடன் கூடிய மதிப்பு ஏறத்தாழ ரூ.3.53 லட்சம். மாநிலத்துக்குள்ளேயே போனாலும் ரூ.1 லட்சத்துக்கு மேல் இருப்பதால் இ-வே பில் கட்டாயம். வண்டியுடன் இன்வாய்ஸ், இ-வே பில், ஹீட் வாரியான சோதனைச் சான்று மூன்றும் வர வேண்டும். சான்று பிறகு வரும் என்றால் வண்டியை இறக்குவோம், ஆனால் சான்று கைக்கு வரும் வரை ஆட்சேபம் நிலுவையில் இருப்பதாக ரசீதில் எழுதுவோம்.

2.4 இம்பெல்லர்கள் தனிப் பெட்டியில். கேசிங்குக்கு அடியில் போட்டு வேன் உடைந்து வந்தால் போக்குவரத்துச் சேதம் என்ற வாதம் எடுபடாது.

2.5 பெயின்ட், ரெட் ஆக்சைடு, மெட்டல் பேஸ்ட் எதுவும் பூசக் கூடாது. ப்ளோ ஹோலை பேஸ்ட் வைத்து அடைத்த ஒரு காஸ்டிங் கிடைத்தாலும் அந்த ஹீட் முழுவதையும் நிராகரிப்போம். இந்த ஒரு விஷயத்தில் மாதிரிக் கணக்கு கிடையாது.

2.6 மூன்று நாள் சலுகைக்குப் பின், வராத செட்டுகளின் மதிப்பில் வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம் கழிப்போம். கேசிங் வந்து இம்பெல்லர் வராவிட்டால் செட் வரவில்லை என்றே கழிவுக்குக் கணக்கு. வந்து ஏற்கப்பட்டதற்கான பணத்தை அதனால் நிறுத்த மாட்டோம். எங்கள் பேட்டர்ன் தாமதமாக வந்தாலோ, வரைபடத்தை நாங்கள் மாற்றினாலோ அந்த நாட்கள் கணக்கில் சேராது. ஃபர்னஸ் லைனிங் போவது தாங்கள் திட்டமிட வேண்டிய விஷயம்.

3. பேட்டர்னும் கோர் பாக்ஸும்

மேட்ச் பிளேட் பேட்டர்ன் மூன்று, கோர் பாக்ஸ் இரண்டு எங்கள் சொத்து. டெலிவரி சலானில் அனுப்புகிறோம். வேறு யாருக்கும் அதில் வார்க்கக் கூடாது. கேசிங் கோர் பாக்ஸின் லொகேட்டிங் பின் தேய்ந்தால் கோர் ஒரு பக்கம் சாய்ந்து சுவர் மெலியும். ஒவ்வொரு லாட் தொடங்கும் முன்பும் பின்னை அளந்து எழுதி வையுங்கள். தேய்மானத்தைத் தெரிவித்தால் பழுது எங்கள் செலவு. தெரிவிக்காமல் வார்த்தால் வரும் ரிஜெக்ஷன் தங்கள் கணக்கு.

4. பரிசோதனை

4.1 வந்த அன்றே எண்ணி, எடை போட்டு, வரவு ரசீது தருவோம். அது எண்ணிக்கைக்கும் எடைக்கும் மட்டுமே. தர ஏற்பு ஆகாது.

4.2 மூன்று வேலை நாளுக்குள் கண்பார்வையும் அளவும். ஐஎஸ் 2500 பகுதி 1, பொதுநிலை 2: 300 காஸ்டிங் லாட்டுக்கு ஒவ்வொரு பொருளிலும் 50 மாதிரி. ஏக்யூஎல் 2.5. மூன்று வரை குறை என்றால் லாட் ஏற்பு, குறையுள்ளவை மட்டும் திரும்பும். நான்கு வந்தால் லாட் நிராகரிப்பு.

4.3 குறை எனக் கொள்பவை: மெஷினிங் முகத்தில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேற்பட்ட ப்ளோ ஹோல், கோல்ட் ஷட், விரிசல், 0.8 மில்லிமீட்டரைத் தாண்டிய மிஸ்மேட்ச், நீர்வழியில் ஒட்டிய கோர் மண், கேசிங் சுவர் எங்காவது 5 மில்லிமீட்டருக்குக் கீழ். நீர் படாத வெளிப்புறத்தில் சிறு மண் தடம், ரன்னர் வெட்டிய அடையாளம் குறை ஆகாது. அதற்காக எங்கள் ஆட்கள் திருப்பினால் கொள்முதல் பிரிவிடம் சொல்லுங்கள்.

4.4 ஏழு வேலை நாளுக்குள் கடினத்தன்மை ஹீட்டுக்கு மூன்று காஸ்டிங்கில், அறுத்துப் பார்ப்பது ஒன்றில், நீரழுத்தச் சோதனை மெஷினிங் முடிந்த பத்து கேசிங்கில். இந்தப் பம்ப் வால்வு மூடிய நிலையில் தரும் அழுத்தம் 3 பார். சோதனை அழுத்தம் 4.5 பார், இரண்டு நிமிடம். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த ஹீட்டின் எல்லா கேசிங்கையும் சோதிப்போம்.

5. நிராகரிப்பு

5.1 நிராகரிப்பை எழுத்தில், ஹீட் எண், எண்ணிக்கை, காரணம், படத்துடன், பொருள் வந்த பத்து நாளுக்குள் அனுப்புவோம். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றதாகவே எம்எஸ்எம்இடி சட்டம் கொள்கிறது. அதை அறிந்தே பத்து நாள் என்று வைத்திருக்கிறோம்.

5.2 தாங்கள் இரண்டு வேலை நாளுக்குள் நேரில் வந்து பார்க்கலாம். கருத்து வேறுபட்டால் இருவரும் ஒப்பும் என்ஏபிஎல் அங்கீகார ஆய்வகத்தின் முடிவே இறுதி. தோற்றவர் கட்டணம் கட்டுவார்.

5.3 நிராகரித்தவற்றின் ஃபிளாஞ்சில் மஞ்சள் பெயின்ட் அடித்து, உளியால் ஒரு வெட்டு போட்டே தருவோம். ஷாட் பிளாஸ்ட் செய்தால் பெயின்ட் போய்விடும், வெட்டு போகாது. வெட்டுள்ள காஸ்டிங் அடுத்த லாட்டில் கலந்து வந்தால் 2.5 பிரிவைப் போலவே நடத்துவோம்.

5.4 ஏழு நாளுக்குள் எடுத்துச் செல்லவும், பத்து நாளுக்குள் மாற்று அனுப்பவும். 30 நாள் தாண்டியும் எடுக்காவிட்டால் ஒரு முறை எழுதிவிட்டு, அன்றைய ஸ்கிராப் விலைக்கு விற்றுத் தங்கள் கணக்கில் வரவு வைப்போம். கிரெடிட் நோட் ஏழு நாளுக்குள் வேண்டும்.

5.5 மெஷினில் ஏறிய பிறகுதான் தெரியும் ப்ளோ ஹோல், ஹார்ட் ஸ்பாட், கசிவு ஆகியவற்றுக்கு வரவு நாளிலிருந்து 60 நாள் வரை பொறுப்பு உண்டு. லாட்டில் 2 சதவீதம் வரை இருந்தால் காஸ்டிங்கை மட்டும் மாற்றித் தந்தால் போதும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கேசிங்குக்கும் மெஷினிங் கூலி ரூ.85 டெபிட் செய்வோம். எங்கள் செட்டிங் பிழையால் கெட்டது தங்கள் தலையில் விழாது. அதனால் கெட்ட காஸ்டிங் ஒவ்வொன்றையும் தாங்கள் பார்க்கும் வரை வைத்திருப்போம்.

6. பணம்

6.1 முன்பணம் ரூ.90,000, ஆணையை ஏற்ற மூன்று நாளுக்குள். லாட்டுக்கு ரூ.30,000 வீதம் கழியும். சரக்குக்கான முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. ரசீது வவுச்சர் போதும்.

6.2 ஒவ்வொரு லாட்டும் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் வங்கி வழியாகப் பணம். எக்காரணத்தாலும் 45 நாளைத் தாண்டாது. தாண்டினால் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி தங்களுக்கு உரியது.

6.3 தகராறு உள்ள காஸ்டிங்கின் விலையை மட்டுமே நிறுத்துவோம். பத்து கேசிங் தகராறு என்றால் 290-க்கான பணம் நாள் தவறாது.

6.4 ஜிஎஸ்டி தொகை எங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் இன்வாய்ஸ் தெரிந்த பின் தரப்படும். டிசம்பர் இன்வாய்ஸ்களை ஜனவரி 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றினால் சரக்கின் பணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். இந்தக் காரணமும் 6.2 பிரிவின் 45 நாளை நீட்டாது.

7. ரத்தும் வழக்கும்

அடுத்தடுத்து இரண்டு லாட் நிராகரிக்கப்பட்டாலோ ஒரு லாட் 21 நாள் தாமதித்தாலோ மீதி ஆணையை ரத்து செய்யலாம். பேட்டர்ன்களை ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். நாங்கள் காரணமின்றி ரத்து செய்தால் அதுவரை வரைபடப்படி வார்த்த நல்ல காஸ்டிங்குகளை எடுத்துக்கொள்வோம். நீதிமன்ற எல்லை கோயம்புத்தூர். எம்எஸ்எம்இ வசதிக் குழுவை அணுகும் தங்கள் உரிமையை இது குறைக்காது.

8. ஏற்பு

17 நவம்பர் 2025-க்குள் நகலில் கையொப்பமிட்டு முத்திரையுடன் அனுப்பவும். கையொப்பமின்றி வார்ப்பைத் தொடங்கினாலும் முன்பணத்தைப் பெற்றாலும் ஆணையை முழுமையாக ஏற்றதாகக் கொள்வோம். திருத்தங்கள் எழுத்தில் மட்டும். எங்கள் ஸ்டோர்ஸிலோ மெஷின் ஷாப்பிலோ வாய்மொழியாகச் சொன்னது செல்லாது.

இணைப்பு: வரைபடங்கள் மூன்று, பேட்டர்ன் டெலிவரி சலான்.
நகல்: தரக் கட்டுப்பாடு, ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு.

கொள்முதல் மேலாளர்
நொய்யல்கரை பம்ப்ஸுக்காக